சாவியைக் கொடுத்தால்தான் காசு: ஒரு குறும்படக் கதை ஆங்கில விழாவுக்குப் போகும் வழி

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குறும்படம் எழுதும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் குன்னூர்க்காரர். திரைக்கதைப் போட்டிகளுக்கு முதல் சுற்று வாசகராக இருப்பவர்.

கூடலூரிலிருந்து: "அண்ணா, 14 பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. எஸ்டேட்டில் ஓய்வு பெறும் ஒரு பாட்டி, கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யும் கதை. வெளிநாட்டுத் திரைக்கதைப் போட்டிக்கு லாக்லைன் கேட்கிறார்கள். 'வறுமையிலும் வாடாத பாசத்தைச் சொல்லும் நெஞ்சை உருக்கும் கதை' என்று எழுதினேன். சரியா?"

இல்லை தம்பி. இந்த வரியை வைத்துக்கொண்டு நூறு படம் எடுக்கலாம். உங்கள் படம் அதில் எது என்று வாசகனுக்குத் தெரியாது. நெஞ்சு உருகுமா உருகாதா என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டைப் படித்தேன். அதில் நல்ல முடிச்சு இருக்கிறது, ஆனால் 6-ஆம் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. பேத்திக்குப் பிளஸ் டூ பரீட்சை முடிய இன்னும் ஒரு மாதம். அதுவரை வீடு வேண்டும். சாவியைக் கொடுத்தால்தான் பணிக்கொடை என்கிறது ஆபீஸ். அந்தப் பணம் இல்லையென்றால் பேத்தி காலேஜில் சேர முடியாது. அதாவது வீட்டைப் பிடித்துக்கொண்டால் காலேஜ் போகும், விட்டால் பரீட்சை போகும். லாக்லைனில் வர வேண்டியது இந்த இக்கட்டுதான். யார், அவருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது. இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் போதும். முடிவை அதில் சொல்ல வேண்டாம்.

ஆங்கிலத்தில் இப்படி வரும்:

```
A retiring tea plucker fights to keep her company
house until her granddaughter's exams end, but the
estate won't release her retirement money until she
hands over the key.
```

மொத்தம் 29 சொல். பணிக்கொடையை 'கிராஜுவிட்டி' என்று போடவில்லை, கவனித்தீர்களா? அமெரிக்க வாசகனுக்கு அது ஹோட்டலில் வைக்கும் டிப்ஸ். பாட்டி டிப்ஸுக்காகச் சண்டை போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வான். 'லைன் ஹவுஸ்' என்பதும் இந்த மலையைத் தாண்டினால் யாருக்கும் புரியாது. ஸ்கிரிப்டுக்குள் லயத்தைக் காட்டி விளக்க இடம் உண்டு, லாக்லைனில் கிடையாது.

ஊட்டியிலிருந்து: "லாக்லைன் 25 சொல்லைத் தாண்டக் கூடாது, பாத்திரத்தின் பெயர் வரக் கூடாது, சினாப்சிஸில் முடிவைச் சொல்லவே கூடாது என்று ஒரு பட்டறையில் படித்தேன். நீங்கள் 29 போட்டிருக்கிறீர்களே?"

பெயர் வேண்டாம் என்பது சரி. 'மாரியம்மா' என்று எழுதினால் வாசகனுக்கு ஒன்றும் கிடைக்காது. 'ஓய்வு பெறும் தேயிலைத் தொழிலாளி' என்றால் ஆள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். 25 என்பது பழக்கத்தில் வந்த கணக்கு, சட்டமில்லை. விண்ணப்பப் படிவத்தில் எழுத்து வரம்பு இருந்தால் அதுதான் சட்டம்.

முடிவைச் சொல்லும் விஷயத்தில்தான் பட்டறையில் பாதியை விட்டுவிட்டார்கள். எடுத்து முடித்த படத்தை அனுப்பும்போது தரும் சிறிய சினாப்சிஸ், விழாவின் நிகழ்ச்சிக் கையேட்டில் அச்சாகும். டிக்கெட் வாங்குபவர் படிப்பது அது. அங்கே முடிவை மறைக்க வேண்டும். திரைக்கதைப் போட்டி, பயிற்சி முகாம், நிதி உதவி என்றால் படிப்பவர் நடுவர். கதையை எப்படி முடிக்கிறீர்கள் என்று பார்த்துத்தான் அவர் மதிப்பெண் போடுவார். 'பாட்டி என்ன முடிவெடுத்தாள்?' என்று கேள்விக்குறி வைத்து நிறுத்தினால், எழுதியவருக்கே முடிவு தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

கூடலூர்த் தம்பியின் கதையில் பாட்டி சாவியைக் கொடுத்துவிடுகிறாள். பேத்தியை எஸ்டேட் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்குக் கூட்டிப்போய், தொட்டில் கட்டும் கம்பியில் பல்பை மாட்டிப் படிக்க வைக்கிறாள். இது சினாப்சிஸில் கட்டாயம் வர வேண்டும்.

அளவு 150 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்காலத்தில், படர்க்கையில் எழுதுங்கள். வழக்கமாக எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: 'அப்புறம்... அப்புறம்...' என்று காட்சி காட்சியாக அடுக்குவார்கள். எழுதியதைப் படித்துப் பாருங்கள். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் 'அதனால்' அல்லது 'ஆனால்' போட முடிந்தால் கதை நகர்கிறது. 'அப்புறம்' மட்டும்தான் போட முடிகிறது என்றால், இரண்டில் ஒன்றை எடுத்துவிடலாம். இந்தத் தம்பியின் முதல் வடிவில் பனிமூட்டத்துக்கு மூன்று வாக்கியம், பணிக்கொடைக்கு அரை வாக்கியம். நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பனிமூட்ட வியாதி உண்டு.

மறுபடியும் கூடலூர்: "மாதிரி உரையாடல் ஒரு பக்கம் கேட்கிறார்கள். ஆபீஸ் காட்சியை அனுப்பலாம் என்று இருக்கிறேன். பாட்டி முதலில் கிளார்க்கை 'சார்... பொறுத்துக்குங்க' என்பாள். கடைசியில் 'டேய் செல்வம், பிள்ளைக்காம்பராவுல உனக்குச் சோறு ஊட்டுனது நான்டா' என்பாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ'தானே? காட்சியே செத்துவிடுகிறது."

சாகாது. அந்தக் காட்சியையே அனுப்புங்கள், ஸ்கிரிப்டில் சிறந்த பக்கம் அதுதான். 'டா'வை மொழிபெயர்க்கப் போகாதீர்கள். அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அதுவரை மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவனை, ஒரே சொல்லில் மடியில் வளர்ந்த பையனாக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை அவனுடைய பெயர் செய்யும். ஆனால் ஒரு நிபந்தனை: அதுவரை அவன் பெயர் பக்கத்தில் எங்கேயும் வரக் கூடாது. உங்கள் ஸ்கிரிப்டில் காட்சியின் முதல் வரியிலேயே 'கிளார்க் செல்வம்' என்று இருக்கிறது. அதை வெறும் கிளார்க் ஆக்குங்கள்.

ஃபவுண்டன் வடிவத்தில் அடித்துக் காட்டுகிறேன். சாதாரண நோட்பேடில் அடித்தாலே போதும். திரைக்கதை மென்பொருள் அதை எடுத்து, முறையாக வரிசைப்படுத்திப் பிடிஎஃப் ஆக்கிவிடும்.

```
INT. ESTATE OFFICE - MORNING

MARIAMMA
Sir. One month. Till her exams are over.

CLERK
(not looking up)
Key first. Then the money.

MARIAMMA
I fed you in that crèche, Selvam.

He looks up.
```

'பொறுத்துக்குங்க' போய்விட்டதே என்று வருத்தப்படாதீர்கள். கெஞ்சல் 'சார்' என்ற சொல்லிலும் அந்தத் துண்டு வாக்கியங்களிலும் இருக்கிறது. 'ப்ளீஸ், கைண்ட்லி' என்று சேர்த்தால் விடுப்பு விண்ணப்பம் ஆகிவிடும். அவன் தலை நிமிர்வதைத் தனி வரியாக விட்டிருக்கிறேன். தமிழில் நடிகரின் குரல் செய்வதை இங்கே அந்த வரி செய்ய வேண்டும்.

இன்னொன்று. நம் ஸ்கிரிப்டுகளில் இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று இரண்டு பத்தியாக எழுதும் பழக்கம் இருக்கிறது. இந்தப் போட்டிகளுக்கு அது ஆகாது. கூரியர் எழுத்து, 12 அளவு, ஒரே பத்தி. அப்போதுதான் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கு பொருந்தும். உங்கள் 14 பக்கம் ஆங்கில வடிவில் வேறு எண்ணிக்கையாகத்தான் வரும், பக்க வரம்பைப் பார்த்த பிறகு அனுப்புங்கள். நடுவருக்குப் பெயர் தெரியக் கூடாது என்று விதி இருந்தால், முதல் பக்கத்திலும் கோப்பின் பெயரிலும் உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: "என் கதையில் வீட்டுக்குள் படுக மொழி, கடைவீதியில் தமிழ். ஆங்கிலத்தில் எல்லாம் ஒன்றாகிவிடுமே?"

முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு போதும்: வேறு மொழி என்று குறிக்காத வசனமெல்லாம் தமிழ். படுக வசனத்துக்கு மேல், நான் 'நிமிர்ந்து பார்க்காமல்' என்று அடைப்புக்குறிக்குள் போட்ட இடத்தில், மொழியின் பெயரைப் போடுங்கள். முழுக் காட்சியும் படுகத்தில் என்றால் காட்சித் தலைப்புக்குக் கீழே ஒரு தடவை போட்டால் போதும். வரிக்கு வரி போட்டால் கண் வலிக்கும். ஒருவர் நடுவில் மொழி மாறுவதே கதைக்கு முக்கியம் என்றால் மட்டும் அந்த வரியில் தனியாகக் காட்டுங்கள்.

பந்தலூரிலிருந்து: "கூடலூர்க்காரர் தன் சினாப்சிஸில் பாட்டியை 'ஸ்ரீலங்கன் ரெஃப்யூஜி' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். எங்கள் தாத்தாவும் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வந்தவர்தான். நாங்கள் அகதிகள் இல்லை."

அக்கா சொல்வது சரி. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இந்தியக் குடியுரிமையோடு வந்த தாயகம் திரும்பியோர். அகதி என்று போட்டால் அது வேறு வரலாறு. நடுவருக்கு 1983-க்குப் பிந்தைய போர்க் கதை மனதில் ஓடும். மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அதற்குப் பதில் என்ன போடுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. ஒப்பந்தத்தை விளக்கி இரண்டு வாக்கியம் வேண்டும், இல்லாவிட்டால் பாட்டிக்கு ஏன் போக்கிடம் இல்லை என்பது புரியாது என்கிறார் தம்பி. 150 சொல்லில் 40 அதற்கே போய்விடும் என்பது என் கவலை. 'இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறுமியாக இங்கே அனுப்பப்பட்டவள்' என்ற அளவில் நிறுத்தலாம் என்பேன். அக்கா என்ன நினைக்கிறீர்கள்?

பந்தலூர், மறுபடியும்: "'அனுப்பப்பட்டவள்' என்பதும் முழுசாகச் சரியில்லை. விரும்பி விண்ணப்பித்து வந்தவர்களும் உண்டு. உங்கள் பாட்டி எப்படி வந்தாள் என்று எழுதியவரிடம் கேளுங்கள்."

கேட்டேன். அதைப் பற்றி அவர் யோசித்திருக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

குன்னூரிலிருந்து: "எங்கள் அம்மாவுக்கும் இதே மாதிரி பணிக்கொடை நிற்கிறது. இந்தப் போட்டியில் சேர்ந்தால் ஏதாவது வழி பிறக்குமா?"

அம்மா, இது சினிமாக் கதைக்கான போட்டி. இதில் அந்தப் பணம் வராது. பணிக்கொடை சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். சங்கத்துக்காரர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

கொடைக்கானலிலிருந்து: "நான் படத்தையே எடுத்துவிட்டேன். அதன் சப்டைட்டிலை வரிசையாக அடுக்கி, ஆங்கில ஸ்கிரிப்ட் என்று அனுப்பலாம் அல்லவா?"

வேண்டாம். சப்டைட்டில் திரையில் நிற்கும் நேரத்துக்குள் படித்து முடிப்பதற்காக வெட்டியது. வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி என்ற அளவில் செய்வார்கள். நடிகரின் முகம் கூடவே இருப்பதால் அது நிற்கிறது, காகிதத்தில் தனியாகப் படித்தால் தந்தி மாதிரி இருக்கும். தவிர, படம் முடிந்துவிட்டது என்றால் நீங்கள் சேர வேண்டியது குறும்படப் பிரிவில். திரைக்கதைப் போட்டிகள் பலவற்றில் எடுத்த படத்தின் ஸ்கிரிப்டைச் சேர்க்க மாட்டார்கள், விதியைப் படித்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள். ஆஸ்காரின் கணக்கில் பெயர்ப் பட்டியலோடு சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம். ஆனால் விழாக்கள் பலவற்றில் அதைவிடக் குறைவாகத்தான் இடம் தருவார்கள்.

பெயர் போடாதவர்: "பழைய வார இதழ் சிறுகதை ஒன்றை வைத்து எழுதியிருக்கிறேன். எழுத்தாளர் காலமாகிவிட்டார். இனி அனுமதி தேவையில்லைதானே?"

தேவை. எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும், பெரும்பாலும் அது வாரிசுகளிடம் இருக்கும். 'மூலக்கதையின் உரிமை என்னிடம் உள்ளது' என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்யச் சொல்வார்கள். கையில் கடிதம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். குடும்பத்தாரைத் தேடிப் பிடித்து, எந்தக் கதை, எந்த மொழி, எத்தனை ஆண்டு என்று எழுதி வாங்குங்கள். அதுவரை லாக்லைனைக்கூட எங்கேயும் ஏற்ற வேண்டாம்.