கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கு முதல்முறை வருகிறீர்களா? கேள்வி பதில்

கத்தோலிக்கக் கோயிலில் வாசகம் வாசிக்கும் பங்கு உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

நண்பன் வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று ஒன்றும் தெரியாது.

நடுவரிசைக்குக் கொஞ்சம் பின்னால் உட்காருங்கள், முன்னால் இருப்பவர்களைப் பார்த்தே செய்துவிடலாம். தொடக்கத்தில் எல்லோரும் நிற்போம். 'உன்னதங்களிலே' பாடும்போது மணிகள் விடாமல் ஒலிக்கும். பல பங்குகளில் அப்போதுதான் குழந்தை இயேசு சொரூபத்தைக் குடிலில் வைப்பார்கள். அப்புறம் எசாயா வாசகத்துக்கு உட்காரலாம். அல்லேலூயா தொடங்கியதும் எழுந்துவிடுங்கள், அடுத்தது நற்செய்தி. மறையுரைக்கு மறுபடி உட்காரலாம். நற்கருணை வாங்க வரிசை போகும்போது மட்டும் நீங்கள் இடத்திலேயே இருங்கள். அது திருமுழுக்குப் பெற்று, முதல் நற்கருணையும் வாங்கிய கத்தோலிக்கர்களுக்கானது.

கிறிஸ்துமஸ் பூசை முழுவதும் முழங்காலில் இருக்க வேண்டும் என்பார் பாட்டி. சரிதானா?

பாட்டி சொல்வதில் பாதி சரி. விசுவாச அறிக்கையில் 'மனிதர் ஆனார்' என்று வரும் இடத்தில் மற்ற நாள்களில் தலை வணங்குவோம், இன்று முழங்காலிடுவோம். மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளிலும் அப்படித்தான். சில நொடிதான், உடனே எழுந்துவிட வேண்டும். அதைவிட நீண்ட நேரம் முழங்காலில் இருப்பது 'தூயவர்' பாட்டு முடிந்த பிறகு. குருவானவர் அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்தும்போது மணி அடிக்கும். எழுவது எப்போது என்பதில் பங்குக்குப் பங்கு வித்தியாசம் உண்டு.

எனக்கு மூட்டுவலி. போன வருஷம் நான் மட்டும் உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது.

கூச்சமே வேண்டாம். உட்கார்ந்தபடியே தலை குனிந்தால் போதும். வரிசையின் ஓரத்தில் இடம் பிடித்தால் காலை நீட்டவும் வசதி.

எங்கள் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் ஆராதனை அதிகாலை 4 மணிக்கு. நீங்கள் சொல்கிற மாதிரி அங்கே முழங்கால் போடுவதில்லையே?

நான் சொன்னது கத்தோலிக்க முறை. உங்கள் ஆலய முறையை அங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள்.

காணிக்கைப் பை வரும்போது போடாவிட்டால் தவறா? அந்தப் பணம் எங்கே போகிறது?

தவறில்லை. பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடுங்கள், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கி.பி. 155 வாக்கிலேயே புனித ஜஸ்டின் இந்த வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார்: வசதி உள்ளவர்கள் விரும்பியதைக் கொடுப்பார்கள், அது அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஆகியோருக்குப் போகும். இன்று பெரும்பகுதி கோயில் செலவுக்கே போகிறது: மின்கட்டணம், பணியாளர் சம்பளம், பராமரிப்பு. ஏழைகளுக்கென்று தனியாக எடுத்தால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். அப்படி எடுத்த பணத்தை வேறு எதற்கும் செலவழிக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம்.

சட்டம் சரி. எங்கள் பங்கில் கணக்கே வாசிப்பதில்லையே?

ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும், மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்கும் சொல்ல வேண்டும். இரண்டும் சட்டத்திலேயே இருக்கிறது. எந்த அளவுக்கு விவரமாகச் சொல்கிறார்கள் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது, எனக்கும் அதில் வருத்தம் உண்டு. நிதிக்குழுவில் இருப்பவர் யார் என்று விசாரித்து, அவரிடமே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.