திருப்பி அனுப்பிய பார்சல் வரவில்லை என்கிறார் விற்பவர்

"மிக்ஸி ஜாரை ஸ்பீட் போஸ்ட்டில் திருப்பி அனுப்பினேன். வரவே இல்லை என்கிறார், பணமும் தரவில்லை. இன்னொரு ஜாரையும் அனுப்ப வேண்டும், பயமாக இருக்கிறது."

முதலில் தபால் ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும். அதில் IN என்று முடியும் 13 எழுத்து எண்ணை இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டு, Item Delivered என்று வந்தால் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் தபால் நிலையத்தில் டெலிவரிக்கான சான்று கேட்டு எழுதிக் கொடுங்கள், யார் வாங்கினார் என்பது அதில்தான் தெரியும். இன்னும் டெலிவரி ஆகவில்லை என்று காட்டினால் விற்பவரோடு சண்டை போட்டுப் பயனில்லை, தபால் துறையிடம்தான் புகார்.

சான்று கையில் வந்ததும் போனில் பேசாதீர்கள், மெயில் போடுங்கள். ஆன்லைன் தளத்தில் வாங்கியது என்றால் அதன் குறைதீர் அதிகாரிக்கே எழுதுங்கள். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையா, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்.

அடுத்த ஜாரைக் குமிழி உறையில் சுற்றி, பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வராத அளவுக்குப் பேப்பர் திணியுங்கள். பிளேடைத் தனியாகச் சுற்றுங்கள். ஜாரின் வரிசை எண்ணிலிருந்து முகவரி ஒட்டுவது வரை ஒரே வீடியோவாக எடுங்கள். ரசீதில் அச்சாகும் எடையையும் பாருங்கள். நாளைக்கு "காலிப் பெட்டிதான் வந்தது" என்றால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த எடைதான், எனக்கு ஒரு தடவை அப்படித்தான் பணம் திரும்ப வந்தது.