ஏசியைக் கழற்றினால் கேஸ் போய்விடுமா?

கேள்வி: “தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வீடு மாறுகிறோம். 1.5 டன் ஸ்பிளிட் ஏசியைக் கழற்றினால் கேஸ் எல்லாம் போய்விடும், அங்கே புதிதாக நிரப்பித்தான் ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?”

உங்கள் ஏசி இப்போது நன்றாகக் குளிர்விக்கிறது என்றால், உண்மையில்லை. கம்ப்ரசர் ஓடும் நிலையில் இருக்கும் ஸ்பிளிட் ஏசியின் கேஸை ஏறத்தாழ முழுவதும் வெளி யூனிட்டுக்குள்ளேயே அடைத்து, அப்படியே எடுத்துச் செல்லலாம். இதற்குப் பெயர் பம்ப் டவுன். எங்கள் தொழிலில் கேஸை லாக் செய்வது என்போம். தருமபுரியில் பதினெட்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில், சென்ற சித்திரையில் இதே தடத்தில் மாற்றிக் கொடுத்த ஓர் ஏசியை வைத்தே விளக்குகிறேன். படித்துவிட்டு நீங்களே செய்து பார்ப்பதற்காக அல்ல, செய்பவரின் அருகில் நின்று கவனிப்பதற்காக.

அது ஆர்-32 கேஸ் கொண்ட 1.5 டன் இன்வர்ட்டர் ஏசி. வெளி யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு பித்தளை வால்வுகள் இருக்கும். மெல்லிய செம்புக் குழாய் சேரும் வால்வின் வழியாகத் திரவமாகிய கேஸ் அறைக்குள் போகிறது. தடித்த குழாய் சேரும் வால்வின் வழியாக ஆவியாகித் திரும்பி வருகிறது. போகும் வழியை அடைத்துவிட்டுத் திரும்பும் வழியைத் திறந்து வைத்தால், கம்ப்ரசர் குழாய்களிலும் உள் யூனிட்டிலும் இருப்பதை எல்லாம் இழுத்து வெளி யூனிட்டின் கண்டென்சருக்குள் திரவமாகச் சேர்த்துவிடும். பிறகு திரும்பும் வழியையும் அடைத்துவிட்டால் கேஸ் உள்ளே சிறைப்பட்டுவிடும். தத்துவம் இவ்வளவுதான்; எந்த நொடியில் எதை அடைப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது.

தடித்த வால்வில் உள்ள சர்வீஸ் முனையில் அழுத்தத்தைக் காட்டும் கேஜை இணைத்து, ஏசியைக் கூலிங்கில் 16 டிகிரியில் வைத்துப் பத்து நிமிடம் ஓட விட்டேன். முள் 125 பி.எஸ்.ஐ. அருகில் நின்றது. (மார்கழியில் இதே வேலையைச் செய்தால், அறை ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் கம்ப்ரசர் நடுவில் நின்றுவிடக்கூடும், அப்போது கட்டாயக் கூலிங் முறையில் ஓட்ட வேண்டும்.) இரண்டு மூடிகளையும் கழற்றி, ஆலன் சாவியால் முதலில் தடித்த வால்வைப் பாதியளவு மூடி வைத்தேன், கடைசி நேரத்தில் இரண்டே திருப்பில் அடைத்துவிட இது உதவும். அதன் பிறகு மெல்லிய வால்வை முழுவதுமாக அடைத்தேன். முள் இறங்கத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் 5 பி.எஸ்.ஐ.க்கு வந்தது. அந்த இடத்தில் தடித்த வால்வை இறுக அடைத்து, மாடிப்படியில் நின்றிருந்த உதவியாளருக்குக் குரல் கொடுத்து உடனே மின்சாரத்தை நிறுத்தச் செய்தேன்.

சில நிமிடங்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அது மெல்ல ஏறி 30ஐத் தொட்டது. உள் யூனிட்டின் குளிர்ந்த சுருளிலும் குழாயில் தங்கிய எண்ணெயிலும் எஞ்சியிருந்த கேஸ் ஆவியாகியதே காரணம். தடித்த வால்வைத் திறந்து, ஏசியை மீண்டும் ஓட்டி, அதே முறையில் இன்னொரு முறை இழுத்ததும் முள் 3இல் வந்து அசையாமல் நின்றது. இரண்டாம் முறைக்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் வால்வு சரியாக அடைபடவில்லை என்று பொருள். அந்த நிலையில் குழாயின் நட்டைக் கழற்றக் கூடாது. அதேபோல், மெல்லிய வால்வை அடைத்த பிறகும் முள் இறங்கவே இல்லை என்றால், ஒன்று அந்த வால்வு கசிகிறது, அல்லது கம்ப்ரசருக்கு இழுக்கும் திறன் போய்விட்டது.

முள்ளைச் சுழியத்துக்குக் கீழே போக விடக் கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழில் கற்ற காலத்தில் ஒரு வீட்டில் வேலை நடக்கும்போது கைப்பேசி ஒலித்தது. நான் பேசி முடிப்பதற்குள் குழாய் வெற்றிடமாகி, தளர்ந்திருந்த நட்டு வழியாகக் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிட்டது. கம்ப்ரசரின் ஓசை கரகரப்பாக மாறியதும் என் ஆசான் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். காற்றும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து கம்ப்ரசருக்குள் அமுங்கினால் டீசல் எஞ்சினில் நடப்பதைப் போலத் தீப்பற்றும். வெளி யூனிட் வெடித்து மெக்கானிக்குகள் உயிரிழந்திருக்கிறார்கள். ஆகவே கேஜ் இல்லாமல், காதால் கேட்டே லாக் செய்துவிடுவேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கம்ப்ரசர் பழுதாகி ஓடாத ஏசியில் பம்ப் டவுன் நடக்காது, ஏனெனில் இழுப்பதே அதுதான். அந்த நிலையில் பலர் குழாயை லேசாகத் தளர்த்தி, கேஸை வெளியே விட்டுவிடுகிறார்கள். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 கேஸ் ஓசோன் படலத்தை அரிக்கும்; ஆர்-32 அதை அரிக்காது என்றாலும், புவியைச் சூடாக்குவதில் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 675 மடங்கு வலிமையுடையது, தீப்பற்றும் தன்மையும் கொண்டது. மூடிய அறையில் விடுவது ஆபத்து. முறையான வழி மீட்பு இயந்திரம். அதன் ஒரு குழாயை ஏசியின் சர்வீஸ் முனையிலும் மறு குழாயை மீட்புச் சிலிண்டரிலும் இணைத்து, சிலிண்டரைத் தராசின் மேல் நிறுத்தி, வரும் எடையைக் கவனித்துக்கொண்டே இழுக்க வேண்டும். வெயிலில் திரவம் விரியும் என்பதால் சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆர்-32 இருக்கும் சிலிண்டரில் ஆர்-22ஐக் கலக்கவும் கூடாது. உள்ளே மின்சுருள் எரிந்துபோன கம்ப்ரசரிலிருந்து எடுத்த கேஸில் அமிலம் கலந்திருக்கும், அதைச் சுத்திகரிக்காமல் வேறு ஏசியில் ஏற்றினால் அதையும் கெடுக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் இந்த இயந்திரம் எல்லோரிடமும் இருப்பதில்லை. ஆள் வருவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

கழற்றியதும் குழாய் முனைகளையும் வால்வு வாய்களையும் உடனே மூடி ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈரமும் தூசியும் புகும். வெளி யூனிட்டை வண்டியில் படுக்க வைக்காமல் நிறுத்தியே கட்டுங்கள்.

கிருஷ்ணகிரியில் பழைய குழாய் முனைகளை வெட்டிவிட்டுப் புதிதாக ஃபிளேர் அடித்து, அதாவது முனையைப் புனல்போல விரித்து, இணைத்தோம். வால்வுகளைத் திறக்காமலே, வேக்கம் பம்ப்பை இருபது நிமிடம் ஓட்டிக் குழாயிலும் உள் யூனிட்டிலும் இருந்த காற்றையும் ஈரத்தையும் எடுத்தோம். பம்ப்பை அடைத்து, பத்து நிமிடம் முள் அசையாததைப் பார்த்த பிறகுதான் மெல்லிய வால்வைச் சிறிது திறந்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வராததை உறுதி செய்து, இரண்டு வால்வுகளையும் முழுதும் திறந்தோம். வேக்கம் பம்ப் கொண்டுவராமல், ஏசியின் கேஸையே சிறிது விட்டுக் காற்றை வெளியேற்றுபவரைத் தடுத்து நிறுத்துங்கள். கேஸ் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்; ஈரமும் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும்.

இப்படி ஒழுங்காகக் கழற்றி மாட்டிய, கசிவில்லாத ஏசியில் கேஸ் சேர்க்க நேர்வது, புது வீட்டில் குழாய் நீளம் கூடும்போது மட்டுமே. எத்தனை மீட்டர் வரை கூடுதல் கேஸ் தேவையில்லை, அதற்கு மேல் ஒரு மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது ஏசியின் கையேட்டில் இருக்கும். அந்த ஏசிக்குப் பழைய வீட்டில் 3 மீட்டர் குழாய், புது வீட்டில் 4 மீட்டர். கையேடு அனுமதித்த எல்லைக்குள் இருந்ததால் ஒரு கிராம்கூடச் சேர்க்கவில்லை. அரை மணி நேரம் ஓடிய பின் உள் யூனிட்டுக்குள் இழுக்கப்படும் காற்று 31 டிகிரியிலும் வெளிவரும் காற்று 17 டிகிரியிலும் இருந்தது. உங்கள் மெக்கானிக் அப்போதும் கேஸ் ஏற்றியே ஆக வேண்டும் என்றால், வெளி யூனிட்டின் தகட்டில் அச்சிட்டுள்ள கிராம் அளவைக் காட்டி, சிலிண்டரைத் தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.