திண்ணையில் வந்த பேச்சு கேமரா முன் வர

கேள்வி: காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் ஒருவரை ஆவணப்படத்துக்காகப் பேட்டி எடுத்தோம். முதல் நாள் திண்ணையில் இரண்டு மணி நேரம் அருமையாகப் பேசினார். மறுநாள் கேமரா வைத்ததும் ஒற்றை வார்த்தையில் பதில். எடிட்டில் எங்கள் குரலை எடுத்துவிட்டால் அவர் சொல்வது எதற்கென்றே புரியவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறோம். அவரை எப்படித் தயார் செய்வது?

பதில்: முதல் நாளே இரண்டு மணி நேரம் பேசவிட்டதுதான் பாதி சிக்கல். ஒரு முறை சொன்ன கதையை அதே ஆளிடம் மறுபடி சொல்ல யாருக்கும் வராது. 'அதான் நேத்தே சொன்னேனே' என்று தொடங்குவார், அந்த வாக்கியம் எடிட்டில் எதற்கும் ஆகாது. முடிந்தால் இந்த முறை கேள்வி கேட்க, கதையைக் கேட்டிராத ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவரிடம் பெரியவர் அடியிலிருந்து சொல்லித்தான் ஆகவேண்டும். கேள்விகளை எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் இரவெல்லாம் மனப்பாடம் செய்து, 'எனது பதினான்காவது அகவையில்' என்று மேடைத் தமிழில் ஆரம்பித்துவிடுவார். என்னென்ன விஷயம் பேசப்போகிறோம் என்று மட்டும் சொன்னால் போதும்.

ஒற்றை வார்த்தைப் பதிலுக்குப் பயம் மட்டும் காரணமில்லை. பேச்சுத் தமிழே அப்படித்தான். 'எந்த வயசுல தறிக்கு வந்தீங்க?' என்றால் 'பதினாலு' என்பதுதான் இயல்பான பதில். யார், எது என்பதெல்லாம் கேள்வியிலேயே இருப்பதால் பதிலில் வராது. 'கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்க' என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். கேமராவுக்குப் பழகியவரிடம் அது எடுபடும். பதற்றத்தில் இருப்பவரிடம் சொன்னால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல ஆகிவிடும். நான் அவரை விட்டுவிட்டுக் கேள்வியைத்தான் மாற்றுவேன்.

எண்ணாலோ ஆமாம், இல்லை என்றோ பதில் வரக்கூடிய கேள்வியைத் தவிருங்கள். 'மொத மொதல்ல தறிக்குழியில கால விட்ட நாளைச் சொல்லுங்களேன்' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் எடுத்த ஒரு பேட்டியில் இதே கேள்விக்கு, 'பதினாலு வயசு எனக்கு. எங்கப்பா குழியில எறக்கி விட்டாரு, மிதி எட்டல, பலகை போட்டுக் குடுத்தாரு' என்று வந்தது. என் குரல் இல்லாமலே அது தனியாக நிற்கும்.

நடுவில் 'அதுலதான் கஷ்டமே' என்பார். பார்வையாளருக்கு 'அது' எது என்று தெரியாது. பேச்சை மறிக்காமல் முடியும் வரை காத்திருந்து, 'எதுலண்ணே கஷ்டம்?' என்று மட்டும் கேளுங்கள். 'கோர்வையிலதான். ஒடம்புக்கு ஒரு கலரு, கரைக்கு வேற கலரு. ரெண்டு ஊடையும் கரைகிட்ட ஒண்ணோட ஒண்ணு பின்னணும். பக்கத்துல ஒரு ஆளு இல்லாம ஆவாது' என்று பெயரோடு திரும்பி வரும். அந்த இடம் வெட்டுக்குரியது என்று உடனே குறித்துக்கொண்டு, தறியில் கோர்வை போடும் கைகளைத் தனியாக எடுத்துவையுங்கள். இரண்டு துண்டையும் ஒட்டிய தடம் அந்தக் காட்சிக்கு அடியில் மறைந்துவிடும்.

அவர் பேசும்போது நீங்கள் 'ம்ம்', 'சரி சரி' என்று போடுவது நம் ஊர் மரியாதைதான். ஆனால் அது மைக்கில் அவர் சொல்லோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள். பதில் முடிந்ததாகத் தோன்றியதும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் நான்கு எண்ணுங்கள். பெரும்பாலும் நல்ல வரி அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். வராவிட்டாலும் வெட்டுவதற்கு இடம் கிடைக்கும்.

பதற்றத்துக்கு என் வழி இது: மைக்கை முதலிலேயே குத்திவிட்டு, பிறகுதான் லைட், கேமரா வேலைகளைப் பார்ப்பேன். அதற்குள் சட்டையில் ஏதோ தொங்குகிறது என்பதையே மறந்திருப்பார். கேமராவின் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவேன். 'ரோலிங்', 'ஆக்‌ஷன்' சத்தமெல்லாம் கிடையாது. 'வந்ததிலிருந்து போகிற வரை ஓடிக்கொண்டேதான் இருக்கும், வேண்டாம் என்பதைச் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம்' என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கியிருப்பேன். முதல் பத்து நிமிடம் நூல் விலை, காலை டிபன் என்று போகட்டும். அதை எடிட்டில் எடுக்கப்போவதில்லை. கேட்பவர் லென்ஸை ஒட்டி, அவர் கண் மட்டத்தில் உட்கார வேண்டும்.

வீட்டாரை மட்டும் தயவுசெய்து வெளியே அனுப்புங்கள். வாசற்படியில் நிற்கும் மகன் 'இல்லப்பா, அது எண்பத்திரண்டுல' என்று ஒரு முறை திருத்தினால் போதும், அதன் பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பெரியவர் கண் அந்தப் பக்கம் போகும்.

ஒரு பதிலை மறுபடி வாங்க வேண்டுமென்றால் 'சரியா வரல' என்று சொல்லாதீர்கள். 'எனக்குச் சரியாப் புரியலண்ணே, பாவு பூட்டுறதுல இருந்து சொல்லுங்க' என்று உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை கேட்காதீர்கள், அதில் உயிர் இருக்காது. மின்விசிறியை நிறுத்தியிருப்பீர்கள், அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை போட்டு வியர்வை ஆறவிடுங்கள். கிளம்பும் முன், அவரும் அதே இடத்தில் பேசாமல் இருக்க, அறையின் வெறும் சத்தத்தை முப்பது நொடி பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களின் இடைவெளியை நிரப்ப அதுதான் வேண்டும்.