எழுதியவர் கண்ணுக்கு எல்லாத் திருத்தங்களும் தெரியும்படி மெய்ப்புப் பார்ப்பது எப்படி?

கேள்வி: நண்பர் எழுதிய கட்டுரையை வேர்டு கோப்பில் திருத்தித் தர வேண்டும். நான் எதையெல்லாம் மாற்றினேன் என்பது அவருக்கு ஒன்று விடாமல் தெரிய வேண்டும். எப்படிச் செய்வது?

முதல் எழுத்தைத் தொடுவதற்கு முன்பே Review பட்டியில், மாற்றங்களைப் பதிவுசெய்யும் Track Changes பொத்தானை அழுத்திவிடுங்கள், விசைப்பலகையில் Ctrl+Shift+E. அதற்கு அருகிலுள்ள தெரிவில் All Markup இருக்கட்டும். அங்கே Simple Markup இருந்தால் மாற்றம் நடந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் தெரியும்; நீக்கிய சொல் கண்ணுக்குப் படாது, சேர்த்த சொல்லும் குறியில்லாமல் சாதாரண வரியாகவே தெரியும். நண்பருடைய கணினியிலும் அப்படி இருக்கக்கூடும் என்பதால், கோப்பை அனுப்பும்போது இதை ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

இனி, திருத்தும் முறை. இந்த வரியை எடுத்துக்கொள்வோம்: "அந்த வேலையில் ஆசிரியர் மாணவனை அழைத்து பேசியபோது அவர் கண்கலங்கினார்."

இதில் "வேலையில்" என்பது "வேளையில்" என்றிருக்க வேண்டும். ஓர் எழுத்துதானே என்று லகரத்தை மட்டும் அழித்துவிட்டு ளகரத்தைத் தட்டாதீர்கள். தமிழில் "லை" என்பது மெய்க்குரிய குறியும் ஐகாரக் குறியும் சேர்ந்த ஒன்று. அழித்த ல குறுக்குக்கோட்டுடன் அங்கேயே நிற்க, ஐகாரக் குறி அதிலிருந்து பிரிந்து, சில நேரங்களில் புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கக்கூடும். படிப்பவருக்கு எது பழையது, எது புதியது என்று விளங்காது. ஆகவே சொல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, "வேளையில்" என்று முழுதாகத் தட்டுங்கள். பழைய சொல் குறுக்குக்கோட்டுடனும் புதிய சொல் அடிக்கோட்டுடனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

"அழைத்து பேசியபோது" என்பதில் வல்லினம் மிக வேண்டும். இங்கே சொல்லை மாற்ற வேண்டியதில்லை. "அழைத்து" என்பதன் முடிவில் "ப்" மட்டும் சேர்த்தால் போதும். அந்த ஓர் எழுத்து மட்டும் நிறம் மாறித் தெரிவதால், எழுதியவர் எந்த இடத்தில் ஒற்று விடுபட்டது என்பதை ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.

மூன்றாவது "அவர்". கண்கலங்கியவர் ஆசிரியரா, மாணவனா? "மாணவனை" என்று எழுதியவர் அடுத்து "அவன்" என்று எழுத நினைத்திருக்கலாம். ஆசிரியரையே குறித்திருக்கவும் கூடும். இது நமக்குத் தெரியாத செய்தி, எனவே நாம் கை வைக்கக் கூடாது. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து Ctrl+Alt+M அழுத்தி, ஓரக் குறிப்பில் "கண்கலங்கியவர் யார்? மாணவன் என்றால் ‘அவன்’ எனலாம்" என்று எழுதுங்கள். குறிப்பு இவ்வளவு நீளம் போதும்: என்ன ஐயம், என்ன செய்யலாம். வேளை, ஒற்று போன்ற வெளிப்படையான பிழைகளுக்குக் குறிப்பே வேண்டாம். எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதினால் உண்மையான கேள்வி அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை இரட்டை இடைவெளிகள், எழுத்துரு மாற்றங்கள் எல்லாவற்றையும் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிசெய்து அனுப்பினேன். பக்கம் முழுவதும் நிறமாக இருந்ததைக் கண்டு சலித்த எழுத்தாளர், எதையும் படிக்காமல் அனைத்தையும் ஏற்றுக்கொண்டார். அவருடைய கதைமாந்தர் பேசிய வட்டாரச் சொல் ஒன்றைப் பிழை என்று எண்ணி நான் மாற்றியிருந்ததும் அப்படியே அச்சுக்குப் போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதன் பிறகு, இடைவெளிகளைச் சீராக்கும் வேலையைப் பதிவைத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட்டு, "இரட்டை இடைவெளிகள் மட்டும் குறியிடாமல் நீக்கப்பட்டுள்ளன" என்று தலைப்பின் மேல் ஒரு குறிப்பு வைத்துவிடுகிறேன்; மூலக் கோப்பை வேறு பெயரில் சேமித்தும் வைக்கிறேன். எழுத்துரு மாற்றங்கள் பதிவாகாமல் இருக்க, மாற்றப் பதிவுக்கான Advanced Options பெட்டியில் Track formatting என்பதன் குறியை எடுத்துவிடலாம்.

பத்திகளை இடம் மாற்ற வேண்டும் என்று தோன்றினால் வெட்டி ஒட்டாதீர்கள். பதிவு ஓடும்போது, ஏற்கெனவே திருத்திய பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால், முழுப் பத்தியும் புதிதாகச் சேர்த்ததுபோல் தெரியும். அதனுள் நீங்கள் செய்த சிறு திருத்தங்களை அடையாளம் காண வழியில்லாமல் போகும். "இப்பத்தி மூன்றாம் பத்திக்குப் பின் வந்தால் தொடர்ச்சி கிடைக்கும்" என்று குறிப்பு எழுதி, முடிவை அவரிடம் விடுங்கள்.

பாதி வேலையில் பதிவை இயக்க மறந்தது தெரியவந்தால் பதற வேண்டாம். Review பட்டியில் Compare என்பதைத் திறந்து, மூலக் கோப்பையும் திருத்திய கோப்பையும் கொடுத்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைக் குறியிட்ட மூன்றாவது கோப்பு கிடைக்கும். மூலத்தைத் தனியே சேமித்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனுப்பும் முன், Accept பொத்தானை நீங்கள் எங்கும் அழுத்தவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்றுக்கொண்ட திருத்தம் சாதாரண வரியாகிவிடும். அது மாற்றப்பட்டது என்பதே நண்பருக்குத் தெரியாது.