கமியும் புத்தரும்: ஜப்பானிய வழிபாடு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஷிண்டோவும் பௌத்தமும் ஜப்பானில் எந்த ஆண்டு ஒன்றாகக் கலந்தன? (சேலம்)

அப்படி ஓர் ஆண்டு கிடையாது. பௌத்தம் கொரியாவின் பெக்சே அரசிலிருந்து 6ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. ஷிண்டோவில் வணங்கப்படும் கமி என்னும் உள்ளூர்த் தெய்வங்களின் கோயில்களை ஒட்டிப் பௌத்த மடங்கள் எழுந்தது 8ஆம் நூற்றாண்டில். கமிகள் புத்தர்களின் வெளிப்பாடுகளே என்னும் கோட்பாடு வேரூன்றியது 11, 12ஆம் நூற்றாண்டுகளில். பல தலைமுறைகள் சேர்ந்து செய்த ஒன்றுக்குத் தேதி கேட்காதீர்கள்.

கேள்வி: தனக்கென்று மலையும் விழாவும் அடியாரும் உள்ள ஒரு கமி, வெளியிலிருந்து வந்த புத்தருக்கு எப்படி இடம் கொடுத்தது? (மதுரை)

நல்ல கேள்வி. இதற்கான விடை தாதோ என்னும் இடத்தின் பழைய மடப் பதிவு ஒன்றில் இருக்கிறது. 763ஆம் ஆண்டளவில் மங்கன் என்ற துறவி அங்கே தங்கியிருந்தபோது, தாதோ மலையின் கமி ஒருவர்மீது வந்து அருள்வாக்குச் சொன்னது: முற்பிறவிகளின் தீவினையால் கமி உடலில் சிக்கியிருக்கிறேன், இதிலிருந்து விடுபட்டு மும்மணிகளைச் சரணடைய விரும்புகிறேன் என்று. மங்கன் அதற்கு ஒரு சிறு மண்டபமும் திருவுருவமும் அமைத்தார். கமியை யாரும் வென்று துரத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். மனிதரைப் போலவே அதுவும் பிறவிச் சுழலில் உழலும் உயிர் என்று கொள்ளப்பட்டது. அதன் விடுதலைக்காகச் சூத்திரம் ஓதுவது துறவிகளின் கடமையாயிற்று. ஓதுவதற்கு மடம் வேண்டும், மடத்துக்கு நிலம் வேண்டும், நிலம் கமி கோயிலுடையது. இப்படித்தான் இரண்டும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன.

கேள்வி: ஹசிமான் போர்க் கடவுள் அல்லவா? தோதாய்ஜி மடத்தில் அவர் மழித்த தலையும் துறவி ஆடையுமாக அமர்ந்திருப்பது சிற்பியின் தவறா? (கோயம்புத்தூர்)

தவறு இல்லை. சிற்பி கைகெய். ஆண்டு 1201. ஜப்பானின் தலைசிறந்த சிற்பிகளில் ஒருவர் தெரிந்தேதான் அப்படிச் செதுக்கினார். ஒரு கேள்வியை அனுப்புமுன் அந்தச் சிலையின் வரலாற்றைச் சற்றுப் புரட்டியிருக்கலாம்.

ஹசிமான் முதலில் கியூஷூ தீவில் ஊசா என்னும் ஊரின் கமி. அன்றைய தலைநகர் நாராவில் பேரரசர் ஷோமு மாபெரும் வெண்கலப் புத்தரை வார்க்கத் தொடங்கியபோது, அப்பணி நிறைவேறத் துணை நிற்பேன் என்று ஹசிமானின் அருள்வாக்கு வந்தது. 749இல் அந்தக் கமி தலைநகருக்கு எழுந்தருளி அந்தப் புத்தர் அமர்ந்த தோதாய்ஜி மடத்தின் காவல் தெய்வமாயிற்று. உடன் வந்த பூசகப் பெண்ணே ஒரு பௌத்தத் துறவினி. 8ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஹசிமானுக்குப் ‘பெரும் போதிசத்துவர்’ என்ற பௌத்தப் பட்டம் வந்துவிட்டது. பின்னர் இவரது மூலம் அமிதாப புத்தர் என்று பலர் கொண்டனர். மினமோதோ போர்க்குடியினர் இவரைக் குலதெய்வமாக வழிபட்டதால் போர்க் கடவுள் என்ற அடையாளம் வலுத்தது உண்மையே. ஆனால் அந்த வீரர்களும் போதிசத்துவர் என்றழைத்தே இவரை வணங்கினர்.

கேள்வி: இசே பெருங்கோயிலில் பௌத்தம் நுழையவே இல்லையாமே. அப்படியானால் தூய ஷிண்டோவை அங்கே காணலாம் அல்லவா? (சென்னை)

காண முடியாது. இசேயில் புத்தர், சூத்திரம், துறவி போன்ற சொற்களை வாயால் சொல்லவே தடை இருந்தது. அவற்றுக்கு மாற்றுச் சொற்களின் பட்டியல் 10ஆம் நூற்றாண்டின் சட்டத் தொகுப்பிலேயே உள்ளது. பௌத்தத்தை அறியாத இடத்துக்கு இத்தகைய தடை தேவைப்பட்டிருக்காது. 1186இல் சோகென் என்ற துறவி, எரிந்துபோன தோதாய்ஜியைத் திரும்பக் கட்டுவதற்காக ஏறத்தாழ 60 துறவிகளோடு இசேக்குச் சென்று வேண்டிக்கொண்டார். இசேயின் தெய்வமான அமதெராசுவை மகா வைரோசனர் என்னும் புத்தரின் வெளிப்பாடாகக் கொள்வதும் இடைக்காலத்தில் பரவலாக இருந்தது. விலகி நிற்பதும் அந்த ஒரே அமைப்புக்குள் ஒரு முறைதான்.

கேள்வி: 1868இல் புதிய மெய்ஜி அரசு இரண்டையும் பழையபடி பிரித்து வைத்தது நல்லதுதானே? (திருச்சி)

‘பழையபடி’ என்ற இந்தச் சொல்லைத்தான் நான் ஆண்டுதோறும் மறுத்துக்கொண்டிருக்கிறேன். திரும்பிச் செல்வதற்கு அப்படியொரு பழைய நிலை இருக்கவில்லை. தனிக் கோட்பாடும் தனி நிர்வாகமும் கொண்டு நாடு முழுவதும் பரவிய ஷிண்டோ என்னும் மதத்தை 1868க்கு முன் தேடினால் கிடைக்காது. 15ஆம் நூற்றாண்டில் யோஷிதா கனெதோமோ என்ற கமி பூசகர், கமியே மூலம், புத்தர்தான் அதன் சுவடு என்று கோட்பாட்டைத் தலைகீழாக்கினார்; அவரும் பௌத்தச் சடங்குகளிலிருந்து நிறையவே எடுத்துக்கொண்டார்.

1868இல் வந்த ஆணைகள் என்ன செய்தன என்று பாருங்கள். கமி கோயிலில் பணியாற்றிய துறவிகள் துறவைக் கைவிட வேண்டும். கமியின் உறைவிடமாகப் புத்தர் உருவத்தை வைத்திருந்தால் அகற்ற வேண்டும். மணி முதலிய பௌத்தப் பொருள்கள் வெளியேற வேண்டும். புத்தரின் வெளிப்பாடு எனக் குறிக்கும் ‘கொங்கென்’ போன்ற பௌத்தப் பட்டங்கள் தெய்வப் பெயர்களிலிருந்து நீங்க வேண்டும். கியோதோவில் கோசு தென்னோ என்ற பெயரால் வணங்கப்பட்ட கியோன் கோயிலின் தெய்வம் சுசானோ என்னும் கமி ஆனது. கோயிலும் யாசாகா என்று பெயர் மாறியது.

இழப்பின் அளவைக் காமகுராவில் பார்க்கலாம். அங்கே ட்சுருகாவோகா ஹசிமான் கோயில், பெயரில் கமியும் நடைமுறையில் துறவிகளும் கொண்ட ஒரே நிறுவனமாகப் பல நூற்றாண்டுகள் இயங்கியது. 1870இல் அதன் பெரிய பகோடாவும் மருத்துவ புத்தரின் மண்டபமும் மற்றக் கட்டடங்களும் இடிக்கப்பட்டன. துறவிகளோ முடி வளர்த்துக்கொண்டு பூசகர்களாயினர். இடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு எடுத்த நிழற்படத்தில்தான் அந்தப் பகோடாவை இன்று காண முடிகிறது.

இதில் அரசின் ஆணை மட்டும் வேலை செய்யவில்லை. ஹியெய் மலை அடிவாரத்திலுள்ள ஹியெ கோயிலின் பூசகர்கள் பல நூற்றாண்டுகளாக மலைமேலுள்ள என்ரியாகுஜி மடத்துத் துறவிகளுக்குக் கீழ்ப்பட்டு இருந்தவர்கள். 1868 வசந்த காலத்தில் அவர்கள் தரப்பில் ஆயுதம் ஏந்திய கூட்டம் ஒன்று அந்தக் கோயிலுக்குள் புகுந்து, சிலைகளையும் சூத்திரச் சுருள்களையும் தீயிலிட்டது. அரசே வன்முறையைத் தடுத்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. துறவிகளின் ஆதிக்கத்தால் பூசகர்களுக்கு உண்மையான குறை இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது நிர்வாகத்தைச் சீர்திருத்தக் காரணமாகுமே தவிர, அச்சிலைகளை எரிக்கக் காரணமாகாது. எனவே மீண்டும் சொல்கிறேன்: ஒரு கோயில் ‘தொன்மையான ஷிண்டோ’ என்று யாராவது சொன்னால், அது 1868க்கு முந்தைய நிலையா, பிந்தைய நிலையா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: தோரி வாயில் இருந்தால் ஷிண்டோ, பகோடா இருந்தால் பௌத்தம். சரியா? (நாகர்கோவில்)

இன்றைய பெயர்ப்பலகையைப் படிக்க உதவும். வரலாற்றைப் படிக்க உதவாது. நாராவுக்குத் தெற்கே தான்சான் கமி கோயிலில் 1532இல் கட்டிய 13 அடுக்கு மரப் பகோடா நிற்கிறது. அது முன்பு ம்யோராகுஜி என்னும் மடம். 1868க்கு முன்னா, பின்னா என்ற கேள்வி இங்கும் பொருந்தும்.

கேள்வி: ஷிண்டோ, பௌத்த எண்ணிக்கைகளைக் கூட்டினால் மக்கள்தொகையை மிஞ்சுகிறது. கணக்கெடுப்புப் பிழையா? (ஈரோடு)

பிழை இல்லை. 12 கோடிச் சொச்சம் மக்கள் இருக்கும் நாட்டில் மதத்தார் தொகை 17, 18 கோடி வரை போகும். அந்த எண்களை மத நிறுவனங்களே தருகின்றன. ஒரே குடும்பம் ஊர்க் கமி கோயிலிலும் குலத்தின் மடத்திலும் எண்ணப்படுகிறது.

கேள்வி: ஜப்பானில் நம் சரஸ்வதி இருக்கிறாளாம். எந்த மதத்தில்? (தஞ்சாவூர்)

பென்சாய்தென் என்ற பெயரில், பௌத்தத்தின் வழியே சென்றவள். நீர்நிலைகளின் கமிகளோடு சேர்ந்து வணங்கப்பட்டவள். பீவா ஏரியின் சிக்குபுத் தீவில் மெய்ஜி அதிகாரிகள் அந்த ஆலயம் முழுவதையும் ஷிண்டோ கோயிலாக மாற்றச் சொன்னபோது மடத்தார் இணங்கவில்லை. இறுதியில் ஹோகோன்ஜி மடம், ட்சுகுபுசுமா கோயில் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பென்சாய்தென் மடத்தின் பக்கம் தங்கினாள். இரண்டையும் இணைக்கும் கூரையிட்ட நடைவழி மட்டும் முன்போலவே பயன்பாட்டில் இருக்கிறது.