பின்னக் கோட்டின் நீளம்தான் அடைப்புக்குறி

"நோட்டில் எழுதிய கணக்கைப் படமெடுத்து வரி வரியாகத் தட்டச்சு செய்தேன். விடை 13 சரி, ஆனால் என் முதல் வரியில் 13 போட்டால் 5 வரவில்லை."

நீங்கள் தட்டியது இது:

```
x+3/2 - x-1/4 = 5
```

இதில் 13 போட்டால் 1.25தான் வரும். 3 மட்டும் 2ஆல், 1 மட்டும் 4ஆல் வகுபடுகிறது. நோட்டில் பின்னக் கோடே அடைப்புக்குறியின் வேலையைச் செய்கிறது. ஒரே வரியாக்கும்போது அதை நாம்தான் எழுத வேண்டும். படத்தைப் பெரிதாக்கி, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஓர் அடைப்புக்குள். கோட்டின் மட்டத்திலேயே நிற்கும் கழித்தல் குறி பின்னத்துக்கு வெளியே.

```
(x+3)/2 - (x-1)/4 = 5
2(x+3) - (x-1) = 20
x + 7 = 20
x = 13
```

இப்போது 8 - 3 = 5. கீழே ஒன்றுக்கு மேல் உறுப்போ காரணியோ இருந்தால் அதற்கும் அடைப்பு வேண்டும்: 1/(2x), 1/2x அல்ல.

சமக்குறிகளை நேராக்க இடைவெளி தட்டாதீர்கள், எழுத்துரு மாறினால் கலைந்துவிடும். நோட்டில் இடப்பக்கம் காலியாக இருந்தால் வரியை = என்றே தொடங்குங்கள். முந்தைய வரியோடு ஒட்டினால், எந்தப் படியில் தவறு என்று தேடவே முடியாது.